டேட்டிங் செயலியில் மேட்ச் ஆனவர் வயதையோ வேலையையோ மாற்றிச் சொல்லியிருந்தால்: அதைப் பேச்சில் எடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

டேட்டிங் செயலி மூலம் பழகத் தொடங்கிய ஒருவர் தம் வயதைச் சில ஆண்டுகள் குறைத்துச் சொல்லியிருக்கிறார், அல்லது இப்போது கையில் இல்லாத வேலையை இருப்பதாகப் போட்டிருக்கிறார் என்று தெரியவந்ததும், பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். உடனே கோபமாக ஒரு செய்தி அனுப்புகிறார்கள். அல்லது எதுவும் தெரியாதவர்போல் இருந்துகொண்டு, அதன்பின் அவர் சொல்லும் ஒவ்வொன்றையும் மனத்துக்குள் சோதிக்கத் தொடங்குகிறார்கள். இரண்டையும் நான் செய்திருக்கிறேன், என்னிடம் வந்து பேசிய நண்பர்கள் பலரும் செய்திருக்கிறார்கள். தவறு பெரும்பாலும் வரிசையில்தான் நேர்கிறது என்பதால், இங்கே வரிசையையே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே நிகழ்வைக் கடைசிவரை கொண்டுசெல்கிறேன். 2023-இல் என் தோழி ஒருத்திக்கு, அப்போது அவளுக்கு வயது 34, செயலியில் ஒருவர் மேட்ச் ஆனார். அவருடைய புரொஃபைலிலும் 34 என்றே இருந்தது. மூன்று வாரம் பேசி, இரண்டு முறை சந்தித்த பிறகு, வேலை தொடர்பான ஒரு சமூக வலைத்தளத்தில் அவருடைய பக்கம் தற்செயலாகத் தோழியின் கண்ணில் பட்டது. இளங்கலைப் பட்டத்துக்கு நேராக 2006 என்று இருந்தது.

முன்கூட்டியே தேவைப்படுபவை

முதலாவது, அவர் சொன்னதன் பதிவு. புரொஃபைலையும், வயது அல்லது வேலை பற்றிப் பேசிய உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பல செயலிகளில் ஒருவர் மேட்சை நீக்கிவிட்டால் உரையாடல் முழுவதும் உங்கள் பக்கத்திலிருந்தும் மறைந்துவிடும். இந்தப் பதிவை அவரிடம் நீட்டுவதற்காக எடுக்கவில்லை. மனம் கொதிக்கும்போது அவர் சொல்லாத சொற்களும் சொன்னவைபோல நினைவில் சேர்ந்துகொள்ளும். அதைத் தடுக்க இது வேண்டும்.

இரண்டாவது, நீங்கள் எதைப் பார்த்தீர்கள், எப்படிப் பார்த்தீர்கள் என்பதற்கு ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடிய பதில். அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், எடுத்துக்காட்டாக அவருடைய கைபேசியைத் திறந்து பார்த்திருந்தால், பேச்சு அவருடைய வயதைப் பற்றி நடக்காது. உங்கள் செயலைப் பற்றியே நடக்கும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, உங்கள் சொந்தப் புரொஃபைல். பழைய படமோ கூட்டிச் சொன்ன உயரமோ அதில் இருந்தால் முதலில் அதைத் திருத்திவிடுங்கள். டோமா, ஹான்காக், எலிசன் ஆகிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இணையவழித் துணை தேடிய 80 பேரை நேரில் வரவழைத்து, உயரத்தையும் எடையையும் அளந்து, வயதை அடையாள ஆவணத்தோடு ஒப்பிட்டார்கள். 81 சதவீதத்தினர் இம்மூன்றில் குறைந்தது ஒன்றையாவது மாற்றியிருந்தார்கள். ஆனால் மாற்றத்தின் அளவு பெரும்பாலும் சிறியது. மூன்றிலும் மிகக் குறைவாக மாற்றப்பட்டது வயது.

1. அன்றே எழுதாதீர்கள், முதலில் கணக்கைச் சரிபாருங்கள்

பட்டம் பெற்ற ஆண்டை வைத்து வயதைக் கணிப்பதில்தான் புதியவர்கள் அதிகம் இடறுகிறார்கள். 2023-இல் 34 வயது என்றால் அவர் 1988-இன் கடைசியிலோ 1989-இலோ பிறந்திருக்க வேண்டும். அப்படியானால் 2006-இல் அவருக்கு 17 அல்லது 18 வயது. அந்த வயதில் பட்டம் முடித்திருக்க முடியாது என்று தோழி முடிவுகட்டிவிட்டாள்.

ஆனால் 17, 18 என்பது பட்டப்படிப்பைத் தொடங்கும் வயது. அந்த 2006 தொடக்க ஆண்டாக இருந்திருந்தால் அவருடைய புரொஃபைல் முழுக்க உண்மையாகிவிடும். அந்தப் பக்கத்தை மீண்டும் திறந்து பார்த்தபோது 2003 முதல் 2006 வரை என்று இருந்தது. ஆகவே அவர் ஏறத்தாழ 1985-இல் பிறந்தவர், வயது 38 அளவில் இருக்கும். சந்தேகம் உறுதியானது என்றாலும், இந்த ஒரு சரிபார்ப்பைச் செய்யாமல் எழுதியிருந்தால், மூன்று ஆண்டைத் தவறாகப் படித்து ஒரு நேர்மையானவரைக் குற்றஞ்சாட்டியிருக்கும் வாய்ப்பும் இருந்தது.

ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் வயது தவறாக வருவதற்குச் செயலியும் காரணமாகலாம். பெரும்பாலான செயலிகள் பதிவு செய்யும்போது பிறந்த தேதியை வாங்கிக்கொண்டு வயதைத் தாமே கணக்கிடுகின்றன. பிறகு அதைப் பயனரே மாற்ற முடிவதில்லை, உதவிக் குழுவுக்கு எழுத வேண்டியிருக்கும். வேறொரு சமூக வலைத்தளக் கணக்கின் வழியாகப் பதிவு செய்திருந்தால், அங்கே எப்போதோ விளையாட்டாகக் கொடுத்த தேதி இங்கே வந்து உட்கார்ந்திருக்கலாம்.

வேலை விஷயத்தில் இன்னும் நிதானம் தேவை. வேலை மாறியும் புரொஃபைலைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் ஏராளம். நிறுவனத்தின் பெயரையோ துறையையோ வேண்டுமென்றே மங்கலாகச் சொல்பவர்களும் உண்டு. முன்பின் தெரியாதவர் அலுவலக வாசலில் வந்து நின்றுவிடக்கூடாது என்ற பயமே காரணம். குறிப்பாகப் பெண்கள் இதைச் செய்வதைக் குற்றமாக எண்ணக்கூடாது. தம்மைக் காத்துக்கொள்ள மறைப்பதும் தம்மை உயர்த்திக் காட்ட மாற்றுவதும் வெவ்வேறு செயல்கள்.

2. இது உண்மையிலேயே சிறிய பொய்தானா என்று பாருங்கள்

சிலவற்றைப் பேசித் தீர்க்கக்கூடாது. வயது மாற்றத்தின் பின்னால் இருப்பவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்று தெரிந்தால், உரையாடலை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுச் செயலியில் புகார் செய்ய வேண்டும். விளக்கம் கேட்கக்கூடத் தொடரக்கூடாது.

பொய்யோடு வேறு அறிகுறிகளும் சேர்ந்திருந்தால் அதுவும் இந்த வழிகாட்டியில் அடங்காது. காணொலி அழைப்பை ஒவ்வொரு முறையும் ஏதேனும் காரணம் சொல்லித் தவிர்ப்பது, பழகிய சில நாளிலேயே செயலியை விட்டு வேறிடத்தில் பேச வற்புறுத்துவது, பணத்தையோ முதலீட்டையோ பற்றிய பேச்சு வருவது ஆகியவற்றோடு வேலை பற்றிய முரண்பாடும் இருந்தால், அது பண மோசடியின் அடையாளமாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. அப்படிப்பட்டவரிடம் முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினால், தம் கதையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை அவருக்கு நீங்களே சொல்லிக்கொடுத்ததாகும். பதில் எழுதாமல் புகார் செய்துவிட்டு விலகுங்கள்.

மணமானவர் என்பதை மறைத்திருந்தால் அதுவும் சிறிய பொய்யில் சேராது. மற்றபடி மூன்று நான்கு ஆண்டு வயது, ஒரு படி உயர்த்திய பதவிப் பெயர், விட்டுப்போன வேலை ஆகியவற்றுக்கு அடுத்த படிகள் பொருந்தும்.

3. பொய் யாரிடம், எத்தனை முறை சொல்லப்பட்டது என்று பிரியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எவ்வளவு மாற்றிச் சொன்னார் என்பதை விட, அந்தப் பொய்யை உங்களிடம் எப்படிப் பேணினார் என்பதே அதிகம் சொல்லும் என்பது என் கருத்து.

புரொஃபைலில் எழுதிய பொய் உங்களிடம் சொல்லப்பட்டதாகாது. அதை எழுதியபோது அவருக்கு உங்களைத் தெரியாது. தேடுபவர்கள் வயது வரம்பை 35 அல்லது 40 போன்ற முழு எண்களில் வைப்பார்கள் என்பதால், அந்த எல்லையைத் தாண்டியவர்கள் யார் கண்ணிலும் படாமல் போய்விடுவோம் என்று பயந்து, எல்லைக்குள் வரும்படி எண்ணைக் குறைத்துக்கொள்வது உண்டு. அது தவறுதான், ஆனால் ஒரு வடிகட்டிக்குச் சொன்ன பொய்.

அடுத்த நிலை, திருத்த வாய்ப்பு வந்தபோது பேசாமல் இருந்தது. எங்கள் நிகழ்வில், முதல் சந்திப்பிலேயே தோழி, “நாம் இருவரும் ஒரே வயதுக்காரர்கள், அதனால் பேச எளிதாக இருக்கிறது” என்று சொல்லியிருந்தாள். அவர் புன்னகைத்துவிட்டுப் பேச்சை மாற்றியிருந்தார். அப்போது அவள் அதைக் கவனிக்கவில்லை. உரையாடலைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது நிலை, பொய்யைத் தாங்கிப்பிடிக்கப் புதிய பொய்களைக் கட்டுவது. 34 வயதுக்குப் பொருந்தும்படி பள்ளி முடித்த ஆண்டை மாற்றிச் சொல்வது, இல்லாத அலுவலகத்தில் இன்று நடந்த கூட்டத்தைப் பற்றிக் கதை சொல்வது போன்றவை. இங்கே ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்து உழைத்து ஏமாற்றுகிறார். நான்கு ஆண்டு வித்தியாசம் சிறியதாக இருக்கலாம். இந்த உழைப்பு சிறியதாகாது.

ஒரு தாளில் மூன்று வரிகளாக இவற்றை எழுதிப் பாருங்கள். முதல் வரியோடு நின்றால் மென்மையாகக் கேட்டால் போதும். இரண்டாவது வரி நிறைந்தால் கேட்டே ஆக வேண்டும். மூன்றாவது வரி நீண்டுகொண்டே போனால், கேட்பதா, விடைபெறுவதா என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். தோழியின் தாளில் முதல் இரண்டு வரிகளுக்கே எழுத இருந்தது.

4. கேட்கும் முன்பே உங்கள் பதிலை முடிவு செய்யுங்கள்

அவர் உண்மையை ஒப்புக்கொண்டால் என்ன செய்வேன், மறுத்தால் என்ன செய்வேன் என்று இரண்டு வாக்கியங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள் பேச்சின் நடுவே அவருடைய வருத்தத்தைப் பார்த்து இளகி, எதையும் தெளிவாக்காமலேயே ஆறுதல் சொல்லிவிட்டு வருகிறார்கள். இரண்டு நாள் கழித்துச் சந்தேகம் அப்படியே மீண்டும் எழுகிறது, அப்போது இரண்டாம் முறை கேட்பது இன்னும் கடினம்.

இங்கே ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவருடைய உண்மையான வயது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால் பேசியிருப்பீர்களா? பேசியிருக்கமாட்டேன் என்பது பதிலானால் உங்கள் சிக்கல் பொய்யில் மட்டும் இல்லை, வயதிலும் இருக்கிறது. இரண்டையும் கலந்து, வயது பிடிக்காததைப் பொய்யின் தலையில் போட்டு விலகுவது அவருக்கும் நியாயமாகாது. தோழியின் பதில், 38 என்றாலும் பேசியிருப்பேன் என்பது. அதனால் அவள் எழுதியவை இவை: “ஒப்புக்கொண்டு காரணம் சொன்னால் தொடர்வேன். நேரே கேட்டும் மறுத்தால் அன்றே முடித்துக்கொள்வேன்.”

5. இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

இன்னும் நேரில் சந்திக்கவில்லை என்றால் செய்தியிலேயே கேட்கலாம், சந்திப்பதற்கு முன்பே கேட்பது நல்லது. நேரில் போய் உட்கார்ந்த பிறகு கேட்டால், பதில் பிடிக்காவிட்டாலும் எழுந்து வருவது இருவருக்குமே சங்கடம்.

ஏற்கெனவே சந்தித்துப் பழகியிருந்தால் நேரிலோ அழைப்பிலோ கேளுங்கள். எழுத்தில் கேட்டால், பதில் வரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நீங்களாக ஒரு பொருள் கொடுத்துவிடுவீர்கள். நேரில் கேட்பதானால் பொது இடமாகவும், அதே வேளை பக்கத்து மேசைக்குக் குரல் கேட்காத இடமாகவும் இருக்க வேண்டும். இருவரும் தனித்தனியே வீடு திரும்ப வழியும் இருக்க வேண்டும். சந்திப்பின் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். அவருக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கலாம். நேரமின்மையே அவரை அரைகுறையான பதிலுக்குத் தள்ளிவிடும்.

6. பொறி வைக்காதீர்கள், தெரிந்ததைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்

உண்மை தெரிந்த பிறகு, தெரியாதவர்போல் கேட்டு அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பதற்குக் கை துறுதுறுக்கும். “நீங்கள் கல்லூரி முடித்தது எந்த ஆண்டு?” என்பது அப்படிப்பட்ட கேள்வி. நான் ஒருமுறை இதைக் கேட்டேன். எதிரே இருந்தவர் தடுமாறி ஒரு தவறான ஆண்டைச் சொன்னார், உடனே நான் உண்மையைப் போட்டு உடைத்தேன். அதுவரை புரொஃபைலில் மட்டும் இருந்த பொய்யை என் எதிரே சொல்லவைத்தது என் கேள்விதான். அவர் இயல்பாகவே அப்படிச் சொல்லக்கூடியவரா, என் பொறியில் அகப்பட்டதால் சொன்னாரா என்பதை அதன்பின் என்னால் பிரித்தறிய முடியவில்லை. சோதனையே விடையைக் கெடுத்துவிட்டது.

ஆகவே மூன்று வாக்கியங்கள் போதும். பார்த்ததைச் சொல்லுங்கள், பார்த்த விதத்தைச் சொல்லுங்கள், ஒரு நேரடிக் கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். தோழி சொன்னது இது:

“வேலைக்கான அந்தத் தளத்தில் உங்கள் பக்கம் என் கண்ணில் பட்டது, நீங்கள் 2006-இல் பட்டம் முடித்ததாக இருக்கிறது. புரொஃபைலில் உள்ள வயதோடு அது பொருந்தவில்லை. உங்கள் வயது என்ன என்று நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு அதுதான் வேண்டும்.”

இதில் ‘பொய்’ என்ற சொல் இல்லாததைக் கவனியுங்கள். அந்தச் சொல் வந்துவிட்டால் அவர் வயதைப் பற்றிப் பதில் சொல்லமாட்டார், தம் குணத்துக்கு வழக்காடத் தொடங்கிவிடுவார். “ஏன் இப்படிச் செய்தீர்கள்” என்பதையும் முதலிலேயே கேட்காதீர்கள்; உண்மை என்ன என்பது முடிந்த பிறகே காரணத்துக்கு இடமுண்டு. “என் தோழிகள் எல்லோரும் சொன்னார்கள்” என்று வேறு ஆட்களையும் உள்ளே இழுக்காதீர்கள். ஒரு கூட்டமே தம்மைப் பற்றிப் பேசியிருக்கிறது என்று தெரிந்த எவரும் மனம் திறக்கமாட்டார்.

வேலை பற்றிய பேச்சானால் சொற்களை இன்னும் கவனமாக எடுங்கள். வேலை இழந்ததை மறைப்பவர் பெரும்பாலும் வெட்கத்தால் மறைக்கிறார், எதிரே இருப்பவர் வருமானத்தை எடைபோடுவார் என்றும் அஞ்சுகிறார். “நீங்கள் இப்போது அந்த நிறுவனத்தில் இல்லை என்று தெரிகிறது. வேலை இருக்கிறதா இல்லையா என்பதை விட, என்னிடம் சொல்ல முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்” என்று சொல்லலாம், ஆனால் அது உண்மையாக இருந்தால் மட்டுமே சொல்லுங்கள். வருமானம் உங்களுக்கு முக்கியமானால் அதை வேறொரு நாள் தனியாகப் பேசுங்கள்.

7. கேட்டபின் மௌனமாக இருந்து, பதிலின் முதல் பகுதியைக் கவனியுங்கள்

கேள்வியைக் கேட்ட பிறகு அரை நிமிடம் அமைதி நிலவினாலும் அதை நிரப்ப வேண்டாம். “பரவாயில்லை, பெரிய விஷயமில்லை” என்று நீங்களே முடித்துவிட்டால், அவருக்குச் சொல்லும் கட்டாயம் போய்விடுகிறது. உங்களுக்குக் கேட்டதன் பயனும் போய்விடுகிறது.

பதிலில் உண்மை முதலில் வருகிறதா, காரணம் முதலில் வருகிறதா என்று பாருங்கள். தோழியிடம் அவர் சற்று நேரம் கழித்து, “38. நீங்கள் ஒரே வயது என்று சொன்னபோதே திருத்தியிருக்க வேண்டும், வாய் வரவில்லை” என்றார். எண்ணை முதலில் சொன்னார். அவள் கேட்காமலேயே அந்த மௌனத்தையும் தாமாகக் குறிப்பிட்டார். 35-ஐத் தாண்டியதும் மேட்ச் வருவது குறைந்துவிட்டது என்ற காரணம் அதன்பிறகே வந்தது. கண்டுபிடிக்கப்பட்ட அளவுக்கு மட்டும் ஒப்புக்கொள்பவரிடமிருந்து, கண்டுபிடிக்கப்படாததையும் சேர்த்துச் சொல்பவரை இப்படித்தான் வேறுபடுத்த முடியும்.

மறுபுறம், “நீ என்னை வேவு பார்த்தாயா” என்று கேள்வி உங்கள் பக்கம் திரும்பினால், பார்த்த விதத்தை ஒருமுறை மீண்டும் சொல்லிவிட்டு, அதே கேள்வியை அதே குரலில் இன்னொரு முறை கேளுங்கள். மூன்றாம் முறை கேட்க வேண்டாம். “எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்” என்ற பதில் பாதி உண்மை என்றாலும், அதில் உங்கள் கேள்விக்கான விடை இல்லை. குரல் உயர்ந்தாலோ மிரட்டல் தொனி வந்தாலோ பேச்சை முடித்துக்கொண்டு உடனே கிளம்பிவிடுங்கள்.

8. ஒப்புக்கொண்ட பிறகு ஒரே ஒரு திருத்தத்தைக் கேளுங்கள்

மன்னிப்போடு முடித்துவிட்டால் பொய் புரொஃபைலில் அப்படியே இருக்கும். செயலியை இன்னும் பயன்படுத்துகிறார் என்றால் வயதைத் திருத்தச் சொல்லுங்கள். எண்ணைத் தாமே மாற்ற முடியாது என்று அவர் சொன்னால் அது உண்மையாக இருக்கக்கூடும்; ஆனால் அறிமுகப் பகுதியின் முதல் வரியில் சரியான வயதை எழுத எந்தத் தடையும் இல்லை, பலர் அப்படி எழுதுகிறார்கள்.

அந்த வயதின்மேல் ஏதேனும் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் அதே அமர்வில் கேட்டுவிடுங்கள்: “இதையொட்டி வேறு எதையாவது நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா?” முன்பு இருந்த உறவு, குழந்தை, வேலை செய்த ஆண்டுகள் போன்றவை வயதோடு சேர்ந்து நகர்த்தப்பட்டிருக்கலாம். இந்தக் கேள்விக்கு இப்போது வரும் பதிலைத்தான் இனி நீங்கள் நம்பிப் போகப்போகிறீர்கள். இதற்குப் பிறகு இன்னொரு பொய் வெளிப்பட்டால், அவர் வாய்ப்பு கொடுக்கப்பட்டும் மறைத்தவர். அப்போது இந்தப் படிகளை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விடைபெற்றுவிடலாம்.

முடித்துக்கொள்வதென்று தீர்மானித்தால் காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள்: “வயதைப் பற்றி நேரே கேட்டபோதும் தெளிவான பதில் கிடைக்கவில்லை, அதனால் நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.” அனுப்பிய பிறகு விளக்கம், வாதம் எதற்கும் பதில் எழுதாமல் மேட்சை நீக்கிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்களை எங்கும் பகிராதீர்கள். தொந்தரவு தொடர்ந்தால் புகாருக்குத் தேவைப்படும் என்பதால் சில வாரம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுங்கள்.

தொடர்வதென்று தீர்மானித்தால் அவற்றை அன்றே அழிக்கலாம். தோழி அப்படித்தான் செய்தாள், அவர் தம் அறிமுக வரியைத் திருத்தியதைப் பார்த்த பிறகு.